ஆறாம் வகுப்பா, மூன்றாம் வகுப்பா?

அக்டோபர் மாத நடுவில், ஒரு மாவட்டத் தலைநகரின் ரயில் நிலையத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்த 11 வயதுப் பையனைப் பற்றி யாரோ 1098-க்குத் தகவல் சொல்கிறார்கள். மறுநாளே அவன் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் நிற்கிறான். 24 மணி நேரத்துக்குள் அங்கே கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். அம்மா இல்லை. அப்பா செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர். ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவன், பிறகு அப்பாவோடு சூளை சூளையாக இடம் மாறியதில் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை. குழு அவனை ஒரு குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கிறது. தங்குமிடம், சாப்பாடு, துணி எல்லாம் அன்று மாலைக்குள் முடிந்துவிடுகின்றன. முடியாமல் நிற்கிற கேள்வி ஒன்றுதான்: இவனை எந்த வகுப்பில் சேர்ப்பது?

இந்தப் பையன் ஒரே ஆள் அல்ல. இல்லத்துக் குழந்தை எவரையும் அடையாளம் தெரியும்படி எழுதுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடுக்கிறது. அந்தத் தடை இல்லாவிட்டாலும் எழுதக் கூடாது. ஆகவே, இல்லங்களில் திரும்பத் திரும்ப நடக்கிறவற்றை ஒரு பையன் மேல் ஏற்றி இங்கே சொல்லியிருக்கிறேன்.

'ஹோம்' என்றதும் தாயும் தந்தையும் இல்லாத பிள்ளைகள் என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அங்கிருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ ஒருவராவது உண்டு. வறுமை, நோய், குடி, இரண்டாம் திருமணம், வேலை தேடி ஊர்விட்டு ஊர் போவது என்று ஏதோ ஒன்று அவர்களை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கும். இந்தியா முழுவதும் எடுத்த கணக்கில் ஏறக்குறைய 9,600 இல்லங்கள் இருந்தன. மாநிலங்களில் எண்ணிக்கை அதிகம் தமிழ்நாட்டில்தான். 2007-ல் தமிழ்நாட்டு அநாதை இல்லங்களைப் பற்றித் தொடங்கிய வழக்கில்தான், நாட்டின் எல்லா இல்லங்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. பதிவு, பரிசோதனை, கழிப்பறை எண்ணிக்கை, கேமரா எல்லாவற்றுக்கும் படிவம் இருக்கிறது. படிப்புக்கும் ஒரு கட்டம் உண்டு. 'பள்ளிக்குச் செல்கிறானா?' அதில் 'ஆம்' என்று எழுதிவிட்டால் முடிந்தது.

நம் பையனின் முதல் வாரத்துக்கு வருவோம். இல்லக் கண்காணிப்பாளர் அவனைப் பக்கத்து அரசுப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார். தலைமை ஆசிரியர் கேட்பது வழக்கமான இரண்டு: வயதுச் சான்று, டி.சி. இரண்டும் கையில் இல்லை. பையனுக்கு ஊர்ப் பெயரும் டீச்சர் பெயரும் நினைவிருக்கின்றன, அவ்வளவுதான். கல்வி உரிமைச் சட்டம் இந்த இடத்தில் தெளிவாகவே இருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்றோ, டி.சி. வரத் தாமதம் என்றோ, வருடத்தின் நடுவில் வந்தான் என்றோ எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது. தலைமை ஆசிரியருக்கும் அது தெரியும். அவருடைய தயக்கம் வேறு. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவனுக்கும் 'எமிஸ்' எண் உண்டு. பழைய பள்ளி அவன் பெயரைக் கணினியில் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். பழைய பள்ளி பெயரை நீக்காமல் வைத்திருந்தால், எட்டாம் வகுப்புவரை எல்லோரும் தேர்ச்சி என்ற முறையில், ஆள் சூளையில் இருந்தபோதே பெயர் மட்டும் ஐந்தாம் வகுப்பு வரை ஏறியிருக்கும். விலையில்லாப் பாடநூலும் சீருடையும் அந்தக் கணக்கை ஒட்டியே வருகின்றன. ஆகவே, "டி.சி. வரட்டும் சார், அதுவரைக்கும் சும்மா உட்காரட்டும்" என்பார். சும்மா உட்காரும் பிள்ளைக்குப் பெயரும் இல்லை, புத்தகமும் இல்லை. பழைய பள்ளிக்கு ஒரு போன் போட்டால் தீரும் வேலை இது. வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநரைப் பிடித்தால் இன்னும் சீக்கிரம் தீரும். அந்த போனைப் போட வேண்டியவர் யார் என்பது மட்டும் எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை.

அடுத்தது வகுப்பு. அவனை ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை போலத் தடுமாறுகிறான். மூன்றாம் வகுப்பில் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாமே என்று தோன்றும். நல்ல மனதோடுதான் பல இல்லங்கள் அப்படிச் செய்தன. இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஜூனில் 11 வயது முடிந்தவன் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தால், பத்தாம் வகுப்புக்குள் நுழையும் ஜூனில் அவனுக்கு 18 முடிந்திருக்கும். 18 வயதில் அவன் சட்டப்படி குழந்தை இல்லை. இல்லத்தின் கதவு அங்கே மூடுகிறது. அதற்குப் பிறகு 21 வயதுவரை பின்காப்பு உதவி உண்டு. ஆனால் அது தனியாக விண்ணப்பித்து, குழு ஒப்புக்கொண்டு, தொகை வந்து சேர வேண்டிய ஒன்று. பொதுத்தேர்வு எழுதும் வருடத்தில் இருப்பிடத்தைத் தேடும் நிலை அவனுக்கு. அதற்கு முன்பே, 14 வயதில் 11 வயதுப் பிள்ளைகளோடு ஆறாம் வகுப்பில் உட்கார வெட்கப்பட்டு அவன் நின்றுவிடவும் கூடும். இல்லங்களில் படிப்பு நிற்கும் இடங்களில் இது முக்கியமான ஒன்று.

வயதுக்கேற்ற ஆறாம் வகுப்பிலேயே சேர்த்தால், 17 வயதில் பிளஸ் டூ தேர்வு முடிந்துவிடும். 18-வது பிறந்தநாள் அதற்குப் பின் வரும் ஜூனில். கையில் ஒரு சான்றிதழோடு வெளியே போவான். கல்வி உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு சொல்வதும் இதைத்தான்: பள்ளிக்கே போகாதவனையும் பாதியில் விட்டவனையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். அதோடு நிற்கவில்லை. மற்றவர்களுக்குச் சமமாக வர அவனுக்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையும் உண்டு என்கிறது. அந்தப் பயிற்சி குறைந்தது 3 மாதம், தேவைப்பட்டால் 2 ஆண்டுவரை என்று மாதிரி விதிகள் வகுத்திருக்கின்றன. பிரிவின் முதல் பாதி எல்லா இடத்திலும் நடக்கிறது. இரண்டாம் பாதி பெரும்பாலும் நடப்பதில்லை. முதல் பாதி மட்டும் நடந்தால், மூன்றாம் வகுப்பில் உட்காரவைத்ததைவிட அது மோசம் என்றே சொல்வேன். ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்க முடியாதவன் அங்கே அறையில் இருக்கிறான், வகுப்பில் இல்லை.

இதை ஆசிரியர் கவனிக்கமாட்டாரா என்று கேட்கலாம். கவனிப்பது கடினம். காரணம், இல்லத்துப் பிள்ளைகளின் நோட்டுகள் அழகாக இருக்கும். தேதி போட்டு, ஓரம் கோடு இழுத்து, கேள்வி பதில் முழுவதும் எழுதியிருக்கும். கரும்பலகையைப் பார்த்தோ, கைடைப் பார்த்தோ, பக்கத்துப் பையனைப் பார்த்தோ வரைந்தது அது. வரைவதற்கும் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அவனுடைய நோட்டையே அவனிடம் கொடுத்து, நடுப்பக்கத்திலிருந்து ஒரு வரியை வாசிக்கச் சொல்வதுதான். முதல் வரி வேண்டாம். அது மனப்பாடமாக இருக்கும்.

நம் பையனை அப்படிச் சோதித்தால் தெரிவது இது. க, ங, ச வரிசையை ஒரே மூச்சில் சொல்கிறான். எழுத்தைத் தனியாகக் காட்டினாலும் சொல்கிறான். தடுமாறுவது உயிர்மெய்க் குறிகளில். கெ, கே, கொ, கோ நான்கும் அவனுக்கு ஒன்று. 'பொருள்' என்பதைப் 'போருள்' என்று வாசித்து, அப்படி ஒரு சொல்லே இல்லை என்பதும் உறைக்காமல் அடுத்த சொல்லுக்குப் போகிறான். கணக்கில் 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்கிறான். 2-லிருந்து 7 போகாது, அதனால் 7-லிருந்து 2-ஐக் கழித்துவிட்டான். கடன் வாங்கிக் கழிப்பது நடந்த மாதங்களில் அவன் பள்ளியில் இல்லை. சூளையில் கல் எண்ணும் கூலிக் கணக்கை மனதுக்குள் சரியாகப் போடுகிற பையன்தான் இவன். மக்கு என்று ஒதுக்குவதற்கு இதில் ஒன்றுமே இல்லை. விட்டுப்போன இடங்கள் இரண்டு, மூன்று. அவை எவை என்று தெரிந்துவிட்டால், தினமும் முக்கால் மணி நேரம் தனியாக உட்காரவைத்துச் சில மாதங்களில் வாசிக்க வைத்துவிடலாம்.

அந்த முக்கால் மணி நேரத்துக்குத்தான் பஞ்சம். இல்லத்தில் மாலை 6-லிருந்து 8 வரை 'ஸ்டடி'. ஒரே கூடத்தில் மூன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை 40 பிள்ளைகள். மேற்பார்வைக்கு ஒரு வார்டன். 50 பிள்ளைகள் உள்ள இல்லத்துக்கு விதிமுறை காட்டும் ஆசிரியர் ஒரே ஒருவர், அவரும் பகுதிநேரம். அவருடைய கவனம் பத்தாம் வகுப்பு மேலும் பன்னிரண்டாம் வகுப்பு மேலும்தான் போகும். ஆண்டறிக்கையில் அச்சேறுவது அந்தத் தேர்ச்சி விழுக்காடு. ஆறாம் வகுப்புக்காரன் தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தால், கூடம் அமைதியாக இருக்கிறது என்று பொருள். வாரக் கடைசியில் கல்லூரித் தன்னார்வலர்கள் வருவார்கள். ஓவியம், பாட்டு, கேக். வருகிற ஒவ்வொருவரும் 'அ'விலிருந்து தொடங்கி, இரண்டாம் வாரத்தில் செமஸ்டர் தேர்வுக்குப் போய்விடுவார்கள். அதே ஆட்களை வாரத்தில் மூன்று நாள், ஒரு பிள்ளைக்கு ஒருவர், ஒரு நோட்டில் 'இன்று கொ-கோ முடிந்தது' என்று எழுதிவிட்டுப் போகும்படி அமர்த்திய இல்லங்கள் உண்டு. அந்த நோட்டு இருக்கும் இடத்தில் அடுத்தவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார்.

பள்ளியில் இருக்கும் சிக்கல் வேறு மாதிரி. வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் வகுப்பிலேயே இவன்தான் முதல். வேன் கொண்டுவந்து விடுகிறது, வேன் கொண்டுபோகிறது. அந்த வேனால்தான் மாலை விளையாட்டுப் பயிற்சிக்கு நிற்க முடிவதில்லை, நண்பன் வீட்டுக்குப் போக முடிவதில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும் வீட்டுப்பாடம் வார்டனின் போனில் 40 பிள்ளைகளின் வீட்டுப்பாடங்களோடு கலந்து கிடக்கும். 'ஹோம் பசங்க' என்று ஒரு பெஞ்ச் தானாகவே உருவாகிவிடும். வகுப்பில் ஒரு பேனா காணாமல் போனால் முதலில் திரும்பிப் பார்ப்பது அந்தப் பெஞ்சைத்தான். சில ஆசிரியர்கள் நேர்மாறாக, பரிதாபப்பட்டு எதுவுமே கேட்காமல் விட்டுவிடுவார்கள். திட்டும் ஆசிரியரைவிட இவரால் நஷ்டம் அதிகம். திட்டு வாங்கிய பிள்ளை ஒரு கேள்விக்காவது பதில் சொல்லிப் பார்த்திருக்கும்.

பெற்றோர் கூட்டத்துக்கு யார் போவது? பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரோ பாதுகாவலரோ இருக்க வேண்டும் என்கிறது சட்டம். 'பாதுகாவலர்' என்ற அந்தச் சொல் இல்லக் கண்காணிப்பாளருக்கும் இடம் தருகிறது. ஆனால் அந்த இடத்தைக் கேட்டு வாங்கியவர்களைத் தேடத்தான் வேண்டும். ரேங்க் கார்டுகள் கட்டாகப் போய், கட்டாகக் கையெழுத்தாகித் திரும்பி வரும். வீட்டில் ஒரு அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் போன தடவை கணக்கில் எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு என்று அவளுக்கு ஞாபகம் இருக்கும். வார்டன் மாறிக்கொண்டே இருக்கும் இல்லத்தில் அந்த ஞாபகத்தை வைத்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும் என்பது சட்டத்தில் இருக்கிறது. அதில் கல்விக்கும் பகுதி உண்டு. ஆனால் அந்தக் கோப்பு இருப்பது சமூக நலத் துறையின் பக்கம், மதிப்பெண் இருப்பது பள்ளிக் கல்வித் துறையின் பக்கம். வகுப்பாசிரியர் அந்தக் கோப்பைப் பார்த்ததே இல்லை.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு ஏற்பாடு செய்தார்கள். அரசுப் பராமரிப்பில் உள்ள குழந்தைகள் எத்தனை பள்ளிகளில் சிதறிக் கிடந்தாலும், அவர்கள் எல்லோரும் ஒரே பள்ளியில் படிப்பதாகப் பாவித்து, அந்தக் கற்பனைப் பள்ளிக்கு ஒவ்வொரு உள்ளாட்சியும் ஒரு தலைமை ஆசிரியரை நியமிக்க வேண்டும். 2014-ல் அதைச் சட்டமாக்கினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கல்வித் திட்டம், பருவத்துக்கு ஒருமுறை அதைத் திருத்துதல் எல்லாம் அவர் பொறுப்பு. அதனால் அங்கே எல்லாம் சரியாகிவிடவில்லை, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பின்தங்கித்தான் இருக்கிறார்கள். ஆனால் 'இவன் ஏன் வாசிக்கவில்லை?' என்று கேட்க அங்கே பெயர் சொல்லி ஓர் ஆள் இருக்கிறார்.

நம் பையனுக்கு நவம்பரில் ஒரு நல்லது நடக்கிறது. இல்லத்தின் ஆற்றுப்படுத்துநர் அவன் நோட்டை நடுவில் திறந்து வாசிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டார். ஆசிரியர் பயிற்றுநரிடம் பேசி, காலை முதல் பாடவேளையில் எழுத்துப் பயிற்சிக்கும் மற்ற நேரம் ஆறாம் வகுப்புக்கும் என்று பிரித்துவிட்டார்கள். பொங்கலுக்குள் அவன் பஸ் பலகைகளை வாசிக்கிறான்.

பிப்ரவரியில் அப்பா வருகிறார். மகனை அனுப்பிவைக்கச் சொல்லிக் குழுவிடம் மனு. பெற்ற தகப்பன், பையனும் போக ஆசைப்படுகிறான். பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்ப்பதுதான் சட்டத்தின் முதல் நோக்கம், இல்லம் கடைசி வழி. ஆகவே அனுப்பிவிடுவதுதான் எளிது. பல பிள்ளைகள் இப்படித்தான் முழுப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வேனிலிருந்து இறங்கிப் போய்விடுகிறார்கள். டி.சி. பள்ளியிலேயே தங்கிவிடும், எமிஸில் பெயரும் தங்கிவிடும். ஜூனில் யாருக்கும் அவன் எங்கே என்று தெரியாது.

இங்கே குழு உறுப்பினர் ஒருவர் கேட்ட கேள்வி வேறு: "இப்போ எங்க வேலைங்க?" அப்பா முன்பணம் வாங்கியிருக்கிறார். தை பிறந்ததிலிருந்து மழைக்காலம் தொடங்கும்வரை சூளைக் காலம். இப்போது அனுப்பினால் பையன் போவது வீட்டுக்கு அல்ல, சூளைக்கு. விசாரணைக்குப் போன சமூகப் பணியாளர் ஊரில் ஓர் அத்தை இருப்பதைக் கண்டுபிடிக்கிறார். பிள்ளையை வைத்துக்கொள்ள அத்தைக்குச் சம்மதம், செலவுக்குத்தான் வழியில்லை. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும், அத்தை வீடு அதற்குள் வருகிறது. அப்பாவிடம் இதைப் புரியவைக்க இரண்டு அமர்வுகள் ஆயின. "என் பையன நான் கூட்டிட்டுப் போக யாரைம்மா கேக்கணும்?" என்று அவர் கோபப்பட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. கடைசியில், ஏப்ரல் பரீட்சை முடிந்தபின் பையன் அத்தை வீட்டுக்குப் போவான், அதுவரை ஞாயிறுதோறும் அப்பா வந்து பார்க்கலாம் என்று உத்தரவு.

உத்தரவின் அடியில் மூன்று வரி சேர்த்திருந்தார்கள். இல்லத்தை விட்டுப் போகும் நாளுக்கு முன்பே டி.சி. வாங்கி, எமிஸ் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்து, அத்தை ஊர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் பேசிவிட்டு அறிக்கை தர வேண்டும். ஆற்றுப்படுத்துநர் இன்னொன்றும் செய்தார். எழுத்துப் பயிற்சி நோட்டை டி.சி.யோடு சேர்த்து அனுப்பினார். லகர, ளகர, ழகர வேறுபாடு இன்னும் வரவில்லை, கழித்தல் வந்துவிட்டது, வகுத்தல் தொடங்கவில்லை என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது. அரசுப் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கே அவனை மாற்றியதிலும் ஒரு லாபம் இருக்கிறது. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நன்கொடையாளர் ஒருவர் கட்டணம் கட்டுகிறார் என்று இடையில் இரண்டு வருடம் தனியார் பள்ளியில் போட்டால் அந்த உரிமை போய்விடும். இது தெரியாமல் நல்லது செய்கிறவர்கள் நிறைய.

ஜூனில் அவன் ஏழாம் வகுப்பில் சேர்ந்தான். அத்தை ஊரில் இருப்பது நடுநிலைப் பள்ளி, எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். உயர்நிலைப் பள்ளி 6 கிலோமீட்டர் தள்ளி. இலவச சைக்கிள் பதினோராம் வகுப்பில்தான் கிடைக்கும். பஸ் பாஸ் இலவசம். அந்த வழியில் காலை பஸ் ஏழே காலுக்கு ஒன்று, அடுத்தது பத்தரைக்கு.